137 என்ற எண்ணோடு நிற்கும் நிரல்கள்

மாதத்தின் முதல் தேதி. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தங்கள் கணக்கு விவரத்தை பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ள வருகிறார்கள். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு ‘சற்று நேரம் கழித்து முயலுங்கள்’ என்கிறது. சில நிமிடங்களில் சரியாகிறது, மறுபடி விழுகிறது. உள்ளே பொறியாளர்கள் நிரலின் லாக் பதிவுகளைப் புரட்டுகிறார்கள். பிழை என்று ஒரு வரிகூட இல்லை. கடைசி வரி யாருக்கோ பிடிஎஃப் தயாரிக்கத் தொடங்கியதைச் சொல்கிறது. அதற்கு அடுத்த வரியில் நிரல் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்று நிரலுக்கே தெரியாது.

இப்படிச் சத்தமில்லாமல் நிரல் விழும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது மெமரியை. அதிலும் குறிப்பாக, அந்த நிரலுக்கு நாமே எழுதிக்கொடுத்த மெமரி உச்சவரம்பை.

இன்று பெரிய இணையச் சேவைகள் பலவும் குபர்னெட்டீஸ் என்ற மென்பொருளின் மேற்பார்வையில் ஓடுகின்றன. கூகுள் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள் அது. ஒவ்வொரு நிரலும் கன்டெய்னர் எனப்படும் தனித்தனி அடைப்புக்குள் ஓடும். ஒரு பெரிய கணினியில் இப்படிப் பல கன்டெய்னர்கள் பக்கம் பக்கமாக இருக்கும். எதை எந்தக் கணினியில் வைப்பது, விழுந்தால் எப்படி எழுப்புவது என்பதையெல்லாம் குபர்னெட்டீஸ் பார்த்துக்கொள்ளும். அதற்கு நாம் எழுதிக்கொடுக்கும் குறிப்பில் மெமரிக்கு இரண்டு எண்கள் இருக்கும்:

```yaml
resources:
  requests:
    memory: "512Mi"
  limits:
    memory: "512Mi"
```

முதல் எண் ரிக்வெஸ்ட். ‘இந்த நிரலுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கிவையுங்கள்’ என்ற கோரிக்கை அது. எந்தக் கணினியில் இடமிருக்கிறது என்று தேடும்போது குபர்னெட்டீஸ் பார்ப்பது இதைத்தான். இரண்டாவது எண் லிமிட், அதாவது உச்சவரம்பு. இதைக் காவல் காப்பது குபர்னெட்டீஸ் அல்ல, அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல். சில நிரல்களை ஒரு குழுவாகக் கட்டி, அந்தக் குழுவுக்கு அளவு விதிக்கும் சிகுரூப் என்ற வசதி 2008 முதல் லினக்ஸில் இருக்கிறது. நாம் எழுதிய 512Mi கடைசியில் அங்கே போய்த்தான் உட்காருகிறது.

உச்சவரம்பு என்ற ஒரே பெயரில் சிபியுவுக்கும் மெமரிக்கும் எண் எழுதுகிறோம். ஆனால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. சிபியு வரம்பைத் தொட்ட நிரல் மெதுவாகும். தன் முறை வரும்வரை காத்திருந்து மறுபடி ஓடும். மெமரியில் அந்தச் சலுகை கிடையாது. கொடுத்த மெமரியைப் பாதி வேலையில் திரும்பப் பிடுங்க முடியாது. எனவே வரம்பைத் தொட்டதும் கெர்னல் முதலில், கோப்புகளைப் படித்ததால் சேர்ந்த தற்காலிக நகல்கள் போன்ற விட்டுவிடக்கூடியவற்றை விடுவித்துப் பார்க்கும். அதுவும் போதாவிட்டால் அந்தக் குழுவுக்குள் ஒரு செயலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். கணினியில் 40 ஜிபி சும்மா கிடந்தாலும் இதுதான் நடக்கும். பலரையும் குழப்புவது இந்த இடம்தான்: கணினியின் மெமரி வரைபடத்தைப் பார்த்து ‘இடம் தாராளமாக இருக்கிறதே’ என்று வேறு திசையில் தேடப் போய்விடுகிறார்கள்.

கொல்வதற்குக் கெர்னல் அனுப்புவது 9-ஆம் எண் சிக்னல். வழக்கமாக ஒரு நிரலை நிறுத்தும்போது குபர்னெட்டீஸ் முதலில் 15-ஆம் எண் சிக்னலை அனுப்பி, கைவேலையை முடித்துக்கொள்ள 30 விநாடி அவகாசம் தரும். 9-க்கு அவகாசமே இல்லை. எந்த நிரலாலும் அதைத் தடுக்கவோ, ‘நான் விழப்போகிறேன்’ என்று ஒரு வரி எழுதிவைக்கவோ முடியாது. லாக்கில் எதுவும் இல்லாததன் காரணம் இதுதான். தடயம் இருப்பது வெளியே. பாட் என்பது கன்டெய்னரைச் சுமக்கும் அலகு. அதைப் பற்றி `kubectl describe pod` என்று கேட்டால் இப்படி வரும்:

```
Last State:   Terminated
  Reason:     OOMKilled
  Exit Code:  137
```

சிக்னலால் இறந்த நிரலின் முடிவு எண்ணை 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டி எழுதுவது யூனிக்ஸ் மரபு. 128-உம் 9-உம் சேர்ந்தால் 137. எண் மட்டும் போதாது, ஏனெனில் வேறு காரணத்துக்காக 9 அனுப்பப்பட்டாலும் 137-தான் வரும். மேலே `OOMKilled` என்ற காரணமும் இருந்தால்தான் மெமரி என்று உறுதி. இதே நேரத்தில் பாட்டின் நிலை `CrashLoopBackOff` என்று காட்டலாம். அது நோயல்ல, அறிகுறி: விழுந்த நிரலை 10 விநாடி, 20, 40 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே, அதிகபட்சம் 5 நிமிட இடைவெளியில் எழுப்பிப் பார்க்கிறது குபர்னெட்டீஸ். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது ‘வருகிறது, போகிறது’ என்று தெரிகிறது.

இனி, வரம்பு ஏன் போதாமல் போகிறது என்று பார்க்கலாம். நம் கணக்கு விவர நிரல் ஜாவாவில் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜாவாவில் நிரலின் தரவுகள் குடியிருக்கும் பகுதிக்கு ஹீப் என்று பெயர். அதன் உச்சத்தை `-Xmx512m` என்று கொடுத்து, கன்டெய்னரின் வரம்பையும் 512Mi என்று எழுதியிருக்கிறார்கள். ‘ஜாவாவுக்கு 512, பெட்டிக்கும் 512, சரியாக இருக்கிறது’ என்று தோன்றும். தவறே இந்தச் சமத்தில்தான் இருக்கிறது.

ஹீப் என்பது ஜாவா நிரல் தின்னும் மெமரியில் ஒரு பகுதி மட்டுமே. நிரலின் வகுப்புகளைப் பற்றிய விவரங்களுக்கு மெட்டாஸ்பேஸ் என்று தனி இடம் வேண்டும். நம் நிரலில் அது 90 எம்பி. அடிக்கடி ஓடும் பகுதிகளை ஜாவா இயந்திர மொழிக்கு மாற்றி வைத்துக்கொள்ளும், அதற்கு 50. ஒரே நேரத்தில் பலரைக் கவனிக்க 200 த்ரெட்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 எம்பி வரை அடுக்கு ஒதுக்கப்பட்டாலும் உண்மையில் தொட்டது மொத்தம் 40. வலைத்தொடர்புக்கான நேரடி இடையகங்கள் 30. குப்பை அகற்றும் பகுதியின் சொந்தக் கணக்குகளுக்கு 20. கூட்டினால் ஹீப்புக்கு வெளியே 230 எம்பி. 512-ல் இது போக மிச்சம் 282.

மாதத்தின் நடுவில் ஹீப் 200-ஐத் தாண்டுவதில்லை. எனவே சோதனையில் எல்லாம் நன்றாக ஓடியது. முதல் தேதி கூட்டத்தில் ஹீப் 282-ஐ எட்டுகிறது. கன்டெய்னர் வரம்பைத் தொட்டுவிடுகிறது. ஜாவாவின் பார்வையிலோ இன்னும் 230 எம்பி பாக்கி இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை. அதனால் அது குப்பையை அவசரமாக அள்ளவும் இல்லை, தன் வழக்கமான `OutOfMemoryError` பிழையை எழுதவும் இல்லை. கெர்னல் வந்து வேலையை முடித்துவிட்டது. ஜாவா தானே மெமரி தீர்ந்து விழுந்திருந்தால் லாக்கில் முழு விவரம் கிடைத்திருக்கும். இந்த இரண்டு விதச் சாவையும் ஒன்றாக நினைப்பதால் வீணாகும் இரவுகள் ஏராளம்.

பழைய ஜாவாவில் நிலைமை இன்னும் மோசம். 2018-ல் வந்த ஜாவா 10-க்கும், ஜாவா 8-ன் 191-ஆம் திருத்தத்துக்கும் முன்பு, ஜாவா கன்டெய்னரின் வரம்பைத் தானாகப் பார்க்காது. முழுக் கணினியின் மெமரியைப் பார்த்து அதில் கால் பங்கை ஹீப்பின் உச்சமாக வைத்துக்கொள்ளும். 64 ஜிபி கணினியில் 512 எம்பி பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, தனக்கு 16 ஜிபி உண்டு என்று நம்பும். அந்தப் பழைய பதிப்புகளை இன்னும் ஓட்டுபவர்கள் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

சரி, எவ்வளவு கொடுப்பது? ஊகம் வேண்டாம், அளக்க முடியும். ஹீப் தன் உச்சமான 512-ஐத் தொடுவதாகவே வைத்துக்கொண்டு வெளியே உள்ள 230-ஐக் கூட்டினால் 742. அதன்மேல் கால் பங்குக்குச் சற்று குறைவான இடைவெளி விட்டால் 900 வருகிறது. இந்த நிரலுக்கு நான் 1Gi என்று எழுதுவேன். ஹீப்புக்கு வெளியே உள்ள அளவை ஜாவாவே சொல்லும்: `-XX:NativeMemoryTracking=summary` என்று தொடங்கி, ஓடும்போது `jcmd 1 VM.native_memory summary` என்று கேட்டால் பகுதி பகுதியாகப் பட்டியல் வரும். நடுவில் உள்ள 1 என்பது செயலின் எண். கன்டெய்னருக்குள் முதலாவதாக ஓடும் நிரலுக்கு அது 1.

அளக்கும்போது ஒரு பள்ளம் உண்டு. கண்காணிப்பு வரைபடங்கள் சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் மெமரியைக் குறித்துக்கொள்கின்றன. ஒரு பெரிய பிடிஎஃப்புக்காக இரண்டு விநாடியில் எழும்பி விழும் தேவை அதில் தப்பிவிடலாம். அதனால்தான் ‘வரைபடத்தில் 400-தானே இருந்தது, எப்படிச் செத்தது?’ என்ற கேள்வி எழுகிறது. புதிய லினக்ஸ் பதிப்புகளில் கன்டெய்னருக்குள் `/sys/fs/cgroup/memory.peak` என்ற கோப்பு, தொட்ட உச்சத்தை அப்படியே வைத்திருக்கும். கன்டெய்னர் மறுபடி தொடங்கினால் எண்ணும் புதிதாகத் தொடங்கும். எனவே உயிரோடு இருக்கும்போதே, கூட்டம் இருக்கும் நாளில் பார்க்க வேண்டும். அதில் கோப்புகளின் தற்காலிக நகல்களும் சேர்ந்தே எண்ணப்படுவதால் உண்மைத் தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும்.

வரம்பை உயர்த்திய பிறகும் சில நாள் கவனிக்க வேண்டும். மெமரி ஏறி, ஓர் உயரத்தில் சமநிலைக்கு வந்து நின்றால், முந்தைய எண்தான் குறைவாக இருந்தது. கூட்டம் கலைந்த பிறகும் இறங்காமல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் அது மெமரி கசிவு, நிரலில்தான் ஓட்டை. அங்கே வரம்பை உயர்த்துவது அடுத்த விழுதலைத் தள்ளிப்போடுமே தவிர வேறெதுவும் செய்யாது.

உயர்த்தும்போது லிமிட்டை மட்டும் உயர்த்திவிட்டு ரிக்வெஸ்ட்டை அப்படியே விடுவது பரவலான பழக்கம். இது ஆபத்தானது. குபர்னெட்டீஸ் பழைய ரிக்வெஸ்ட்டை நம்பி அதே கணினியில் மேலும் நிரல்களை அடுக்கும். எல்லாம் ஒருசேர எழும்பும் நாளில் கணினியே மெமரி இல்லாமல் திணறும். அப்போது பாட்கள் `Evicted` என்று வெளியேற்றப்படும், ஒரு தவறும் செய்யாத பக்கத்து நிரலும் அதில் சிக்கலாம். மெமரியைப் பொறுத்தவரை இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதே நல்லது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் 512m என்றால் 512 மெகாபைட். குபர்னெட்டீஸில் அதே சிறிய m ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். 512m என்று எழுதினால் அரை பைட் என்று பொருள். அங்கே எழுத வேண்டியது 512Mi.

இந்த எண்கள் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றன? வேறொரு நிரலுக்காக யாரோ எழுதிய கோப்பிலிருந்து நகலெடுக்கப்பட்டு வருகின்றன. நிரலை எழுதியவர்கள் அதைப் பார்ப்பதில்லை. கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கு நிரலின் தேவை தெரியாது. மெமரி வரம்பை நிரல் எழுதியவர்களே அளந்து எழுத வேண்டும், அளந்த தேதியையும் உச்சத்தையும் பக்கத்தில் குறிக்க வேண்டும், பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி அளக்க வேண்டும். உங்கள் குழுவில் இப்போது ஓடும் நிரல்களில் ஒன்றைத் திறந்து, அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் பதில் தெரியாவிட்டால், அடுத்த முதல் தேதிக்கு முன்பே அதை அளந்துவிடுங்கள்.