ஸ்லைடில் இல்லாததும் அட்டையில் வேண்டும்: ஒரு சோப்பு வகுப்பின் செய்முறை அட்டைகள்

தேங்காய் எண்ணெய் சோப்பு செய்யக் கற்றுத்தரும் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரு ஸ்லைடு தொகுப்பு இருக்கும். வகுப்பு முடிந்ததும் பங்கேற்பவர்கள் “இதை பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்பார்கள். பவர்பாயின்ட்டில் Handouts என்ற வழியில் ஒரு ஏ4 தாளுக்கு நான்கு ஸ்லைடு வீதம் அச்சடித்துக் கொடுப்பதுதான் வழக்கம். வீட்டுக்குப் போனதும் அந்தத் தாள் பயன்படுவதில்லை. திரையில் ஸ்லைடின் அகலம் கிட்டத்தட்ட 34 செ.மீ. அதைத் தாளில் 9 செ.மீ.க்குச் சுருக்கினால் 18 புள்ளி எழுத்து 5 புள்ளிக்கும் கீழே போய்விடும். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது.

எழுத்தைப் பெரிதாக்கினாலும் இன்னொரு சிக்கல் தீராது. காஸ்டிக் சோடா கரைசலுக்கான ஸ்லைடில் பொதுவாக இருப்பது இவ்வளவுதான்: “தண்ணீர் + காஸ்டிக் சோடா. கவனம்! ஆறவிடவும்.” அந்த ஸ்லைடு திரையில் நிற்கும்போது ஆசிரியர் சொல்வதோ வேறு: “சோடாவைத்தான் தண்ணியில போடணும், தண்ணிய சோடாவுல ஊத்திராதீங்கம்மா. கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அந்த ஆவி மூக்குல ஏறக்கூடாது. அலுமினியப் பாத்திரம் எடுத்தவங்க மாத்திக்கங்க.” வகுப்பை நடத்துவது இந்தப் பேச்சுதான். ஸ்லைடு அதை நினைவூட்டும் தலைப்பு மட்டும். அட்டை தயாரிப்பது என்றால் இந்தப் பேச்சை எழுத்தில் பிடிப்பது.

அதனால் முதல் வேலை கணினியில் இல்லை. ஒரு வகுப்பை முழுவதுமாகக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எதிரே ஆசிரியர் கூடுதலாகச் சொன்னதையும், மாணவர்கள் கேட்ட கேள்வியையும் எழுதிக்கொள்ள வேண்டும். “இவ்வளவு சூடா இருக்கே, பரவாயில்லையா?” என்று யாராவது கேட்டிருந்தால், அட்டையில் அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். சோப்பின் வரலாறு, இயற்கை சோப்பின் நன்மை, நிறுவன அறிமுகம் போன்ற ஸ்லைடுகளுக்கு அட்டையில் வேலை இல்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்தது பொருள் பட்டியல். ஸ்லைடில் எல்லாப் பொருளும் ஒரே அழகான புகைப்படத்தில் இருக்கும். அட்டையில் அவற்றை எடுக்கும் வரிசையில், கிராம் கணக்கில் எழுத வேண்டும். குளியல் சோப்புக்கு ஓர் அளவு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 150 கிராம். இந்த 73 எப்படி வந்தது என்று அட்டை தயாரிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 500 கிராமுக்கு 91.5 கிராம். தேங்காய் எண்ணெய் சோப்பு தோலை வறட்சியாக்கும் என்பதால், எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மாறாமல் மிஞ்சும்படி 20 சதவீதம் குறைத்து 73 ஆக்குகிறோம்.

இந்தக் கணக்கு தெரிந்தால்தான் எந்த அச்சுப் பிழை ஆபத்தானது என்று புரியும். தட்டச்சில் 73 என்பது 93 ஆகிவிட்டால், எண்ணெய் முழுவதும் மாறிய பிறகும் காஸ்டிக் மிஞ்சும். அந்தக் கட்டி தோலைப் புண்ணாக்கும். எழுத்துப் பிழை வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், எண் பிழை வந்தால் அப்படி விட முடியாது. எனவே அட்டையில் உள்ள எண்களை மட்டும் தனியே ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலக் குறிப்போடு ஒப்பிட வேண்டும்.

அளவு அலகும் இதே கவனத்தைக் கேட்கிறது. எண்ணெயை நாம் லிட்டரில் வாங்கிப் பழகியவர்கள். அரை லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை 500 கிராம் வராது, 460 கிராம்தான் வரும். காஸ்டிக் சோடாவைக் கரண்டியில் அளப்பது அதைவிட மோசம். செதிலாக வருவதும் குருணையாக வருவதும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை காட்டும். “எல்லாம் தராசில் கிராமில், தண்ணீரும் கூட” என்ற வரி பட்டியலின் தலையிலேயே இருக்கட்டும்.

இனி படிகள். ஒரு படியில் ஒரு செயல் மட்டும் இருக்க வேண்டும். எச்சரிக்கை அந்தச் செயலுக்கு முன்னால் வர வேண்டும். “காஸ்டிக் சோடாவைச் சேர்த்துக் கலக்கவும். கையுறை அணிந்திருப்பது அவசியம்” என்று எழுதினால், படிப்பவர் முதல் வாக்கியத்தைச் செய்து முடித்த பிறகே இரண்டாவதுக்கு வருவார். ஒவ்வொரு படியின் முடிவிலும் அது முடிந்துவிட்டதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்றும் சொல்ல வேண்டும். “ஆறவிடவும்” என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மேலே பார்த்த அந்த மூன்று சொல் ஸ்லைடு அட்டையாக மாறும்போது இப்படி வரும்:

காஸ்டிக் சோடா கரைசல்

*தொடங்கும் முன்:* கண் காப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை. ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகள் அறையில் வேண்டாம்.

*பாத்திரம்:* எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் குவளை. அலுமினியம் கூடாது.

1. குவளையில் 150 கிராம் தண்ணீர் எடுக்கவும். குளிர்ந்த தண்ணீராக இருக்கட்டும்.
2. 73 கிராம் காஸ்டிக் சோடாவைத் தனிக் கிண்ணத்தில் எடை போடவும்.
3. சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவும். தண்ணீரைச் சோடாவில் ஊற்றவே கூடாது.
4. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கலக்கவும். தானாகவே நன்கு சூடேறும், ஆவி வரும். அது இயல்பு.
5. கலங்கல் போய்த் தெளிந்ததும், கை படாத இடத்தில் வைத்து, 40 டிகிரி செல்சியஸுக்கு வரும்வரை ஆறவிடவும். வெப்பமானி வைத்துப் பார்க்கவும், கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

*தோலில் பட்டால்:* உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவவும். வினிகர் தடவ வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஆளை அனுப்பவும்.

இதில் கவனிக்க இன்னொன்று உண்டு. கையுறையில் காஸ்டிக் இருக்கும்போது அட்டையைத் திருப்ப முடியாது. ஆகவே கை நிறுத்தாமல் செய்யும் வேலை முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். சோப்பு வேலையை இந்தக் கணக்கில் பிரித்தால் எட்டுப் பக்கம் வரும்: பொருள்கள், கருவிகளும் பாதுகாப்பும், கரைசல், எண்ணெய், கலக்குதல், பதம், அச்சில் ஊற்றி வெட்டுதல், பதப்படுத்தலும் குறைகளும். எட்டுப் பக்கம் என்றால் முன்பின்னாக நான்கு அட்டை. ஓர் ஏ4 தாளில் நான்கும் அடங்கிவிடும்.

படங்களை எல்லாப் படிக்கும் போட வேண்டியதில்லை. தண்ணீர் அளப்பதற்குப் படம் எதற்கு? சொல்லில் பிடிபடாத இடத்துக்கு மட்டும் படம் போதும். சோப்பில் அது பதம் பார்க்கும் இடம். எண்ணெயும் கரைசலும் சேர்ந்து கெட்டியாகி, கரண்டியை உயர்த்திச் சொட்டவிட்டால் அந்தக் கோடு மேற்பரப்பில் சற்று நேரம் மறையாமல் நிற்க வேண்டும். பதம் வராதது, சரியானது, கடந்துபோனது என மூன்று படங்களை அருகருகே வைத்தால் பார்த்ததுமே விளங்கும். ஸ்லைடுகளில் இந்த இடத்தில் முடிந்துபோன சோப்புக் கட்டியின் படமே இருக்கும். அது உதவாது. செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் கண்ணுக்குத் தெரிகிற கோணத்தில் புதிதாக எடுக்க வேண்டும். 6 செ.மீ. அகலத்தில் தெளிவாக அச்சாக, படத்தின் அகலம் 700 பிக்சலாவது இருக்க வேண்டும்.

கணினி வேலை இதற்குப் பிறகுதான். பழைய ஸ்லைடுகளைச் சுருக்காமல், புதிய கோப்பில் Design → Slide Size → Custom Slide Size என்று போய் அகலம் 10.5 செ.மீ., உயரம் 14.8 செ.மீ. என்று கொடுங்கள். அது ஏ6 அளவு. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, 11 புள்ளிக்குக் குறையாத அளவு, ஓரங்களில் 8 மி.மீ. இடைவெளி. எழுத்துரு யுனிகோடாக இருக்கட்டும். அச்சகத்துக்கு PDF ஆகவே கொடுக்க வேண்டும். மூலக் கோப்பைக் கொடுத்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாத கணினியில் வரிகள் நகர்ந்து கடைசிப் படி பக்கத்தை விட்டு வெளியே போய்விடலாம்.

வீட்டு பிரிண்டரில் முன்பின்னாக எடுப்பவர்கள் பக்க வரிசையில் தடுமாறுவார்கள். தாளின் முன்புறம் 1, 3, 5, 7 என்று வைத்தால், நீள ஓரமாகத் திருப்பும்போது இடமும் வலமும் மாறிவிடும். எனவே பின்புறம் 4, 2, 8, 6 என்று வைக்க வேண்டும். அப்போதுதான் வெட்டிய பிறகு ஒன்றின் பின்னால் இரண்டு வரும். முதலில் சாதாரணத் தாளில் ஒன்று எடுத்து வெட்டிப் பார்ப்பது நல்லது.

இங்க்ஜெட் அச்சு ஈரம் பட்டால் பொதுவாகக் கரையும். லேசர் அச்சு நல்லது. 250 ஜி.எஸ்.எம். அட்டையில் அடித்து, மங்கல் லேமினேஷன் போட்டால் டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் கூசாது. அட்டையை வெட்டிய பிறகு லேமினேட் செய்து, சுற்றிலும் 3 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விட வேண்டும். முதலில் லேமினேட் செய்து பிறகு வெட்டினால் ஓரத்தின் வழியே தண்ணீர் ஏறும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை உண்டு. வகுப்புக்கு வராத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து, காஸ்டிக் சோடாவுக்குப் பதில் கல்லுப்பு வைத்து, தொடக்கம் முதல் செய்யச் சொல்லுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. செய்பவர் எந்த வரியில் நின்று நிமிர்ந்து ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்த வேண்டும். எதையாவது எடுக்க எழுந்து போனால், பொருள் பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் குறைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும், இரண்டு மூன்று போதும். கட்டியின் மேலே மெல்லிய வெள்ளைப் பொடி படிந்தால் பயமில்லை, துடைத்துவிடலாம். உள்ளே வெட்டிய இடத்தில் நீர்ப்பைகளோ வெள்ளைப் படிகங்களோ தெரிந்தால் அந்தக் கட்டியைத் தோலில் போடக் கூடாது. வெட்டும்போது நொறுங்கினால் நேரம் கடந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும், ஊற்றிய அன்றே வெட்ட வேண்டும். வெட்டியதைக் காற்றோட்டத்தில் நான்கு வாரம் உலரவிட வேண்டும்.

இவற்றோடு ஒரு வரி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்: “இந்த அளவு தேங்காய் எண்ணெய்க்கு மட்டும்.” அட்டை கையில் இருக்கிறதே என்று யாராவது கடலை எண்ணெயில் செய்து பார்ப்பார்கள். 500 கிராம் கடலை எண்ணெய் முழுவதும் மாறவே சுமார் 68 கிராம் காஸ்டிக் போதும். அட்டையில் உள்ள 73 கிராமைப் போட்டால் காஸ்டிக் மிஞ்சிய சோப்பு வரும், பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. வகுப்பில் இப்படி யாராவது கேட்டால் ஆசிரியர் உடனே தடுத்துவிடுவார். வீட்டில் தடுக்க அந்த ஒரு வரிதான் இருக்கிறது.