ஆறு பென்ஸ் எங்கே போனது?

ரொறன்ரோவில் இணையக்கடை நடத்தும் தம்பி ஒருவர் கடந்த நிகழ்ச்சியின்போது தொலைபேசியில் வந்தார். "அண்ணை, லண்டனில் இருக்கிற ஒரு அக்காவுக்கு அனுப்பின பில்லில் 24.43 பவுண். அவவின்ர கார்ட்டில 24.49 எடுபட்டிருக்கு. களவெண்டு சொல்லுறா" என்றார். நேரம் போதாததால் அன்று சொல்ல முடியாமற்போன விளக்கம் இது.

அவருடைய கடையில் விலை கனேடிய டொலரில் இருக்கிறது. அன்று கடையின் கணினியில் இருந்த மாற்றுவீதம் 1 டொலருக்கு 0.54 பவுண். அக்கா வாங்கியவை: மிளகாய்த்தூள் ஒன்று 8.99, ஒடியல் மா ஒன்று 6.49, பருத்தித்துறை வடை 12 பைக்கற், பைக்கற் 2.49. மொத்தம் 45.36 டொலர்.

பில் அடிக்கும் மென்பொருள் ஒவ்வொரு சாமானின் விலையையும் தனித்தனியே பவுணுக்கு மாற்றி, இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டியது. மிளகாய்த்தூள் 4.85, மா 3.50. ஒரு வடைப் பைக்கற் 1.3446 பவுண், அது 1.34 ஆனது. பிறகு அதை 12 ஆல் பெருக்க 16.08. எல்லாம் கூட்டினால் 24.43.

கார்ட்டில் காசு எடுக்கும் பேமென்ட் கேட்வேக்குப் போனதோ வேறு கணக்கு. 45.36 டொலரை மொத்தமாக 0.54 ஆல் பெருக்கினால் 24.4944. ஒரேயொரு தடவை மட்டந்தட்ட 24.49. வித்தியாசம் 6 பென்ஸ். அதில் பெரும்பங்கு வடையால் வந்தது. ஒரு பைக்கற்றில் விடுபட்ட அரைப் பென்சுக்குக் கிட்டிய துண்டு 12 தடவை பெருகிவிட்டது.

இங்கே களவு இல்லை. ஆனால் எல்லா வித்தியாசத்தையும் "மட்டந்தட்டல்தானே" என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு மட்டந்தட்டலில் அரைப் பென்சுக்கு மேல் பிசகாது. இந்தப் பில்லில் 14 சாமான். ஆகவே 7 பென்ஸ், மொத்தத்தை மட்டந்தட்டியதற்கு இன்னும் அரைப் பென்ஸ். அதற்குள் இருந்தால் சரி. 40 பென்ஸ் என்றால் காரணம் வேறு: மாற்றுவீதம் வேறாக இருக்கலாம், அல்லது வங்கிக் கட்டணம் சேர்ந்திருக்கலாம். இன்னொரு அடையாளமும் உண்டு. மட்டந்தட்டல் பிசகு சாமான்களின் எண்ணிக்கையோடு வளரும். மாற்றுவீதப் பிசகு காசின் தொகையோடு வளரும். 400 டொலருக்கு ஒரேயொரு சேலை வாங்கியவருக்கு 2 பவுண் கூடியிருந்தால் அது மட்டந்தட்டல் அல்ல.

தம்பி செய்யவேண்டியது ஒன்றுதான். பில்லில் அச்சாகும் கடைசித் தொகை எதுவோ, அதையே கேட்வேக்கு அனுப்பவேண்டும். திரும்ப ஒருக்கால் மாற்றக்கூடாது. மென்பொருள் அதற்கு விடாவிட்டால், பில்லின் அடியில் "மட்டந்தட்டல் 0.06" என்று ஒரு வரி சேர்த்து 24.49 ஆக்கலாம். கணக்குப் புத்தகத்தில் அதற்கென்று தனிக் கணக்கு ஒன்று வையுங்கள். விற்பனைத் தொகையைத் திருத்தி ஒப்பேற்ற வேண்டாம். மாத முடிவில் அந்தக் கணக்கில் சில பவுண்கள்தான் நிற்கவேண்டும். கூட நின்றால், பில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.