தத்தெடுப்பு ஆணையில் என்ன இருக்கிறது?

தத்தெடுப்பு ஆணை என்பது மாவட்ட ஆட்சியர், மாவட்ட நடுவர் என்ற முறையில் பிறப்பிக்கும் சட்ட ஆவணம். 2022 செப்டம்பர் 1 வரை இந்த அதிகாரம் நீதிமன்றத்திடம் இருந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம் நடைமுறைக்கு வந்த அந்த நாளிலிருந்து அது ஆட்சியரிடம் வந்தது. ஆணை சில பக்கங்கள்தான். ஆனால் அலுவலக மொழியில் இருப்பதால், அதைக் கையில் வாங்கும் பெற்றோருக்கு எது முடிந்துவிட்டது, எது தாங்கள் செய்ய வேண்டியது, எது சில காலம் தொடரும் கடமை என்பது எளிதில் பிடிபடுவதில்லை. பெற்றோருக்காக ஆணையைச் சுருக்கி எழுதித் தரும் வழக்கறிஞரோ சமூகப் பணியாளரோ இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினாலே குழப்பத்தில் பெரும்பகுதி தீரும்.

இதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்ளலாம். மதுரையில் வசிக்கும் ஒரு தம்பதிக்கு, சேலத்தில் உள்ள சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுப் பெண் குழந்தை கிடைக்கிறாள். 2024 ஜூன் 10 அன்று குழந்தை வீட்டுக்கு வருகிறாள். ஆகஸ்ட் 20 அன்று சேலம் ஆட்சியர் ஆணை பிறப்பிக்கிறார். பெற்றோர் மதுரைக்காரர்கள் என்றாலும், நிறுவனம் இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியரே ஆணை தருவார்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் சட்டத்தில் வெவ்வேறு பொருள் உண்டு. ஜூன் 10 முதல் ஆகஸ்ட் 20 வரை குழந்தை அந்த வீட்டில் இருந்தது 'தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு' என்ற நிலையில்தான். பிள்ளை என்ற உறவு பிறப்பது ஆணை நடைமுறைக்கு வரும் நாளில். அன்றிலிருந்து, அவர்களுக்கே பிறந்தவளாக எல்லா வகையிலும் அவள் கருதப்படுவாள் என்று சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்கிறது. தந்தையோ தாயோ உயில் எழுதாமல் இறந்துபோனாலும், சொத்தில் பெற்ற பிள்ளைக்கு என்ன பங்கோ அதே பங்கு அவளுக்கும் உண்டு. பிறந்த குடும்பத்துடன் இருந்த சட்ட உறவுகள் அதே நாளில் முடிவுக்கு வருகின்றன. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தத்துக்கு முன்பே குழந்தையின் பெயருக்கு வந்துவிட்ட சொத்து ஏதேனும் இருந்தால், அது அதனோடு சேர்ந்த பொறுப்புகளுடன் குழந்தைக்கே தொடரும்.

இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே உரியது. இளைஞர் நீதிச் சட்டத்துக்கு அந்த வரையறை இல்லை. எந்த மதத்தவரும் அப்போதிருந்த இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவுபடுத்தியது.

பெரும்பாலான பெற்றோரின் மனதை அரிக்கும் கேள்வி வேறொன்று. பெற்றவள் நாளை வந்து குழந்தையைக் கேட்டால் என்ன ஆகும்? இதற்கான விடை ஆணைக்கும் முந்தைய கட்டத்தில் இருக்கிறது. தாய் தானாக முன்வந்து ஒப்படைத்த குழந்தை என்றால், மனம் மாறுவதற்கு அவளுக்குச் சட்டம் 60 நாள் தருகிறது. அது கடந்த பிறகே குழந்தைகள் நலக்குழு அந்தக் குழந்தையைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கும். ஆகவே ஆணை வரும்போது அந்த வாசல் ஏற்கெனவே அடைபட்டிருக்கும். ஆணையால் பாதிக்கப்பட்டதாகக் கருதுபவர் ஆணைத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய மட்டும் சட்டத்தில் இடம் உண்டு. நம் எடுத்துக்காட்டில் அந்தக் கெடு செப்டம்பர் 19. சுருக்கத்தில் இந்தத் தேதியைத் தனியாக எழுதிக் காட்டுவது நல்லது. பெற்றோரின் அச்சத்துக்கு நாள் கணக்கோடு கூடிய பதில் அதுதான்.

ஆணையில் வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும் சில வாக்கியங்களும் இந்தப் பாதுகாப்பின் பகுதியே. தத்து குழந்தையின் நலனுக்கானது, குழந்தையின் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதன் விருப்பம் கருத்தில் கொள்ளப்பட்டது, விதிகள் அனுமதித்த கட்டணம் தவிர யாரும் யாருக்கும் பணம் தரவில்லை என்பவை அவை. இவற்றில் திருப்தி அடையாமல் ஆட்சியர் ஆணையிட முடியாது. சுருக்கத்தில் இவற்றை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும்.

அடுத்தது பதிவு. இங்கே பலர் தேவையில்லாமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைகிறார்கள். உறவினர் குழந்தையை இந்துச் சட்டப்படி தத்தெடுப்பவர்கள் தத்துப் பத்திரம் பதிவு செய்வதைப் பார்த்து, தாங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆட்சியரின் ஆணை இருக்கும்போது தத்துப் பத்திரப் பதிவு கட்டாயமில்லை என்று தத்தெடுப்பு விதிமுறைகள் சொல்கின்றன.

உண்மையில் தேவையான பதிவு பிறப்புப் பதிவுதான். ஆணையின் சான்றிட்ட நகலைக் கொண்டு தத்தெடுப்பு நிறுவனமோ பெற்றோரோ பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். புதிய சான்றிதழில் தாய், தந்தை என்ற இடங்களில் தத்தெடுத்தவர்களின் பெயர்களே வரும். பிறந்த தேதி ஆணையில் உள்ளபடி இருக்கும்.

ஆணையில் உள்ளபடி என்பதால்தான் ஆணையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அது நீண்ட தூரம் தொடர்கிறது. தந்தையின் பெயர் ஆதாரில் 'முத்துக்குமார்' என்றும் ஆணையில் 'முத்துகுமார்' என்றும் இருந்தால், பிறப்புச் சான்றிதழ் ஆணையைப் பின்பற்றும். பள்ளிச் சேர்க்கையும் பாஸ்போர்ட்டும் சான்றிதழைப் பின்பற்றும். ஆணை கைக்கு வந்த அன்றே பெற்றோரின் பெயர், முதலெழுத்து, குழந்தைக்கு இட்ட புதிய பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தவறு தெரிந்தால் பிறப்புச் சான்றிதழுக்குப் போகும் முன்பே நிறுவனத்தின் வழியாக ஆட்சியர் அலுவலகத்தில் திருத்தம் கேட்க வேண்டும். சான்றிதழ் வந்த பிறகு என்றால் இரண்டு அலுவலகங்களில் திருத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது பகுதி நிபந்தனைகள். அந்தச் சொல்லே பெற்றோரை மிரட்டுகிறது. நிறைவேற்றும்வரை ஆணை தற்காலிகமானதோ என்ற ஐயம் எழுகிறது. அப்படி இல்லை, பிள்ளை என்ற உறவு ஆணையாலேயே முழுமை பெற்றுவிட்டது. நிபந்தனைகள் அதற்குப் பிறகான கடமைகள்.

அவற்றில் முதன்மையானது தொடர் கண்காணிப்பு. குடும்ப ஆய்வறிக்கை தயாரித்த நிறுவனத்தின் சமூகப் பணியாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகளுக்குக் குழந்தையின் நிலை குறித்து அறிக்கை எழுதி, படத்துடன் மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் ஏற்றுவார். இந்த இரண்டு ஆண்டுகள் ஆணைத் தேதியிலிருந்து அல்ல, குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். ஆகவே மதுரைத் தம்பதிக்கு 2024 டிசம்பர், 2025 ஜூன், 2025 டிசம்பர், 2026 ஜூன் என நான்கு அறிக்கைகள். இந்த மாதங்களைச் சுருக்கத்திலேயே குறித்துவிட்டால், பணியாளர் வீட்டுக்கு வரும்போது ஏதோ புகார் போலிருக்கிறது என்று பெற்றோர் பதற மாட்டார்கள். குழந்தை ஒட்டவில்லை, தூங்க மறுக்கிறாள் போன்ற சிக்கல்களை இந்தச் சந்திப்பில் மறைக்கத் தேவையில்லை. தேவையான ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வதும் நிறுவனத்தின் பொறுப்பே.

இடையில் தந்தைக்குக் கோவைக்கு மாறுதல் வந்தால், நிறுவனத்துக்கும் கோவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கண்காணிப்புச் சங்கிலி அறுந்துபோவது பெரும்பாலும் வீடு மாறும்போதுதான்.

இரண்டாவது கடமை இரகசியம் காப்பது. விசாரணை மூடிய அறையில் நடப்பதும், தத்துக் கோப்புகள் பொதுப் பார்வைக்குக் கிடைக்காததும் இதற்காகவே. இது முதன்மையாக அலுவலகங்களையும் நிறுவனத்தையும் கட்டுப்படுத்துவது. ஆனாலும் ஆணையின் நகலை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிராமல் இருப்பது பெற்றோரின் பொறுப்பு. அதே நேரம், அந்தக் கோப்புகள் குழந்தைக்கும் நிரந்தரமாக மூடப்பட்டவை அல்ல. 18 வயது நிறைந்ததும் தன் வேர்களைத் தேட விரும்பினால் அவள் தானே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் என்றால் தத்தெடுத்த பெற்றோருடன் சேர்ந்து கேட்க வேண்டும். பெற்ற தாய் தன்னைப் பற்றிய விவரம் வெளியிடக் கூடாது என்று சொல்லியிருந்தால் அவளுடைய சம்மதமும் தேவைப்படும். அந்த நாளில் உதவக்கூடியது ஆணையில் உள்ள எண்ணும் தேதியும் நிறுவனத்தின் பெயரும்தான். மூல ஆணையைப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்த பிறகும் பத்திரமாக வைத்திருக்கும்படி சுருக்கத்தில் எழுதுவது இதற்காகத்தான்.