சுண்ணாம்பு தெறித்த கொடைக்கானல்

ஆல்பம் டிசைன் செய்ய உட்கார்ந்த முதல் வருடம், ஒரு ஜோடியின் கொடைக்கானல் படத்தில் பனி பொழிய வைத்துக் கொடுத்தேன். பைன் காட்டு ஓரம், மேகம் மூடிய காலை, பட்டுப்புடவையும் கோட்டுமாக இருவரும் கைகோத்து நிற்கிறார்கள். வட்டமான வெள்ளை பிரஷை எடுத்து, படம் முழுக்க மனம்போனபடி தட்டிவிட்டேன். ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்த மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பக்கத்தில் நிறுத்தினார். “என்ன தம்பி, வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தெறிச்ச மாதிரில்ல இருக்கு?”

அப்படித்தான் இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் இறங்குவது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிர்காலத்தில் புல் நுனியில் உறைந்து வெளுத்துக் கிடக்கும். வானத்திலிருந்து பஞ்சுபோல் உதிராது. நான் பார்த்த வெண்பனியெல்லாம் சினிமாப் பாட்டில் பார்த்ததுதான்.

போன வருடம் அதே தம்பதி, பத்தாம் ஆண்டுக்கு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று வந்தார்கள். பழைய கோப்பைத் திறந்தேன். இந்த முறை பிரஷைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டேன்.

அந்தப் படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். மாப்பிள்ளை ஐந்தே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது சுமார் 170 செ.மீ. படத்தில் அவர் தலை முதல் கால்வரை 2000 பிக்சல் இருந்தார். ஆக, அவர் நிற்கும் தூரத்தில் ஒரு செ.மீ. என்பது சுமார் 12 பிக்சல். வெண்பனி பல சின்னப் படிகங்கள் ஒட்டிக்கொண்ட திரளாக இறங்கும். ஒரு திரளுக்கு அரை செ.மீ. என்று வைத்தால் 6 பிக்சல். என் பழைய படத்தில் அவர் முகத்தருகே இருந்த புள்ளிகளை அளந்து பார்த்தேன், 40 பிக்சல். எலுமிச்சை அளவுக்குக் கொஞ்சம் குறைவான பனிக்கட்டிகள் தலைமேல் விழுந்துகொண்டிருக்க, இருவரும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்!

இது அவர்கள் நிற்கும் இடத்துக்கான அளவு. கேமராவிலிருந்து அவர்கள் 5 மீட்டர் தள்ளி நின்றார்கள். 1 மீட்டர் தூரத்தில் விழும் அதே துகள் ஐந்து மடங்கு பெரிதாக, 30 பிக்சலாகத் தெரியும். ஆனால் ஃபோகஸ் அங்கே இல்லாததால் விளிம்பு கரைந்து இன்னும் அகன்று, வெளிறிப் போயிருக்கும். 20 மீட்டருக்கு அப்பால், பைன் மரங்களின் முன்னால் விழுவது ஒன்றரை பிக்சல்தான். ஆகவே ஒரே லேயரில் எல்லாவற்றையும் தூவ முடியாது. அருகு, நடு, தொலைவு என்று மூன்று லேயராவது வேண்டும்.

எத்தனை துகள் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கேமரா பார்க்கும் இடம் கூம்புபோல் விரிந்துகொண்டே போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அகலமும் இரண்டு மடங்கு, உயரமும் இரண்டு மடங்கு. அந்தப் பரப்பில் நான்கு மடங்கு துகள்கள் இருக்கும். என் படத்துக்கு, 1 மீட்டரில் 10 துகள் என்றால் 5 மீட்டரில் 250, 20 மீட்டரில் 4000. பெரியவை விரல்விட்டு எண்ணும்படி, சின்னவை எண்ண முடியாதபடி. பழைய படத்தில் நான் செய்திருந்தது நேர் எதிர்.

நாலாயிரம் புள்ளியை யார் வைப்பது என்று கேட்கலாம். ஃபோட்டோஷாப்பில் Brush Settings திறந்தால் Scattering என்றொரு வசதி இருக்கிறது; பிரஷை இழுக்கும்போது புள்ளிகளைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். அதை முழு அளவான 1000 சதவீதத்துக்கு ஏற்றினாலும், சிதறும் தூரம் பிரஷின் அளவைப் பொறுத்தது. 6 பிக்சல் பிரஷ் கோட்டைவிட்டு ஏதோ 60 பிக்சல்தான் விலகும். கை போன பாதையிலேயே புள்ளிகள் கயிறு திரித்ததுபோல் நிற்கும். தூர நின்று பார்த்தால் அந்தக் கயிறுகள் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அதனால் முதலில் ஒரு துண்டு வானத்தையே பிரஷாகச் செய்துகொண்டேன். 1000க்கு 1000 பிக்சலில் வெள்ளைக் கோப்பு ஒன்று. அதில் கருப்பு நிறத்தில், 4 முதல் 8 பிக்சல் வரை, முப்பது நாற்பது புள்ளிகள். ஒழுங்காக வைக்காமல், இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டும் ஓரிடத்தில் வெற்றாகவும் கையாலேயே வைத்தேன். பிறகு Edit மெனுவில் Define Brush Preset. கருப்பாக இருந்தது பிரஷாகும், வெள்ளை காணாமல் போகும். இந்த பிரஷுக்கு Spacing 100 சதவீதம், Angle Jitter 100 சதவீதம் கொடுத்தால், ஒவ்வொரு முறை பதியும்போதும் வேறு கோணத்தில் திரும்பிப் பதியும். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியாது. நடு லேயருக்கு ஏழெட்டு முறை தட்டினாலே போதும். தொலைவுக்கு அதே பிரஷை 250 பிக்சலுக்குச் சுருக்கி, மரங்களின் மேல் இழுத்துவிட்டேன். அருகு லேயருக்கு மட்டும் சாதாரண மென்மையான பிரஷ், 60 பிக்சல், பத்தே பத்து புள்ளி, லேயரின் ஒபாசிட்டி 30 சதவீதம்.

அடுத்தது ஓட்டம். வெண்பனி நொடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். பெரிய மழைத்துளி 8, 9 மீட்டர் வேகத்தில் வந்து அறையும். கோப்பின் விவரத்தைப் பார்த்தால் ஷட்டர் 1/100 நொடி என்றிருந்தது. அந்த நேரத்துக்குள் துகள் 1 செ.மீ. இறங்கியிருக்கும், அதாவது நடு லேயரில் 12 பிக்சல். Motion Blur பெட்டியில் Distance என்ற இடத்தில் அந்த 12ஐத்தான் போட வேண்டும். அருகு லேயருக்கு ஐந்து மடங்காக 60, தொலைவுக்கு 3. லேசான காற்று இருப்பதாக நினைத்துக்கொண்டு Angle 75 வைத்தேன்; லேயருக்கு லேயர் நாலைந்து டிகிரி மாற்றினேன். பனித்துகள் அணிவகுத்து இறங்காது, ஆடி ஆடித்தான் வரும். இந்த நீட்டலை பிரஷ் செய்யும்போதே செய்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. Angle Jitter அந்தக் கோடுகளையும் சேர்த்துத் திருப்பிவிடும். பனி எட்டுத் திசையிலும் பறக்கும்.

நீட்டியதும் புள்ளிகள் மங்கிவிடும். 6 பிக்சலில் இருந்த வெள்ளையை மூன்று மடங்கு நீளத்துக்குப் பரப்பினால் வேறென்ன ஆகும்? அந்த லேயரை நகலெடுத்து அதன்மேலேயே வைத்தால் தெளிவு திரும்பும்.

இனி யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்ற கேள்வி. தொலைவு லேயர் தம்பதியின் மேல் ஒரு புள்ளிகூட விழக்கூடாது. அவர்களைத் தேர்வு செய்து மாஸ்க் போட்டு மறைத்தேன். நடு லேயரை இரண்டாகப் பிரித்து, ஒன்று அவர்களுக்குப் பின்னால், ஒன்று முன்னால். முன்னால் உள்ளதில் கண்மணிமேலும் பல்மேலும் விழுந்த நாலைந்தை மட்டும் மாஸ்க்கில் அழித்தேன். கண்மேல் விழுந்த வெள்ளைப்புள்ளி கண்புரைபோல் தெரியும். மற்றதையெல்லாம் அப்படியே விட்டேன். முகத்தைச் சுற்றிச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் இருவரும் குடைக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும்.

நிறம் சின்ன விஷயம்தான், ஆனால் காட்டிக்கொடுப்பது அதுதான். மேகமூட்ட வானம் பனித்துகளைவிட வெளிச்சமானது. வெளிநாட்டில் எடுத்த நிஜமான பனிப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கரும்பச்சை மரத்தின் முன் வெள்ளையாகத் தெரியும் அதே பனி, வானத்தின் முன் சாம்பல் புள்ளியாக, சாம்பல் பறப்பதுபோலத் தெரியும். சுத்த வெள்ளையால் தீட்டினால் இது வராது. கொஞ்சம் நீலம் கலந்த வெளிர் சாம்பலை எடுத்தேன். மரத்தின் மேல் அதுவே வெள்ளையாகத் தெரிந்தது. பின்னணி மரங்களின்மேல் அதே நிறத்தை 15 சதவீத ஒபாசிட்டியில் ஒரு திரைபோல் விரித்தேன். தூரத்தில் விழும் ஆயிரக்கணக்கான துகள்கள் புள்ளியாகத் தெரிவதைவிட மூட்டமாகத்தான் தெரியும்.

சுள்ளென்று வெயில் அடிக்கும் படத்தில் இதையெல்லாம் செய்தும் பயனில்லை. தரையில் கத்திபோல நிழல் கிடக்கும்போது மேலே பனி பொழிந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. அந்த ஜோடிக்கு அன்று மேகம் மூடியிருந்தது என் அதிர்ஷ்டம்.

உதிரும் இலை கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஃபோட்டோஷாப்பின் பழைய பிரஷ்களில் Scattered Maple Leaves என்று ஒன்று தயாராகவே இருப்பதால், வேப்பமரத்தடியில் எடுத்த படத்தில்கூட மேப்பிள் இலை பறப்பதைப் பார்த்திருக்கிறேன். பனிக்கு பிரஷ் பொருந்தும், இலைக்குப் பொருந்தாது. பிரஷ் ஒரே நிறத்தைத்தான் பதிக்கும். இலைக்கு நரம்பு, பளபளப்பு, வெளிறிய அடிப்பக்கம் எல்லாம் உண்டு. தெருவில் விழுந்து கிடக்கும் பாதாம் இலை, உதிரும் முன் நன்றாகச் சிவக்கும். அதில் நான்கைந்தைப் பொறுக்கி வெள்ளைத்தாளில் நேராக, சாய்வாக, பக்கவாட்டில் நிறுத்தி, நிழலில் வைத்துப் படமெடுத்து வெட்டி ஒட்டுகிறேன். 20 செ.மீ. இலை என்றால் அதே கணக்கில் 240 பிக்சல். ஏழு இலை போதும். அதில் இரண்டாவது விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி மெலிந்து நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் தனி லேயர், தனித் திசையில் நீட்டல். இலை எப்படித் திரும்பும் என்று இலைக்கே தெரியாது.

கொடைக்கானல் படத்துக்கு வருகிறேன். அச்சுக்கு அனுப்பும் முன் கோட்டின் தோளிலும் இருவர் தலைமுடியிலும் தங்கிய பனியாக இருபது முப்பது புள்ளிகள் வைத்தேன், இவை மட்டும் நீட்டல் இல்லாமல். தரையை விட்டுவிட்டேன், பனி இப்போதுதான் தொடங்கியது என்று எடுத்துக்கொள்ளட்டும். மூன்றடி அகலத்தில் அச்சாகி வந்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

வாங்க வந்தபோது அவர்களுடைய எட்டு வயது மகளும் வந்திருந்தாள். வெகுநேரம் கிட்டப் போய்ப் பார்த்தாள். பனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அம்மா, உனக்கு ஏன் யாரும் ஸ்வெட்டர் தரல?”