ரூபாவும் டொலரும்: விலைவாசி சொல்லும் கணக்கு

ஒரு டொலருக்கு இன்றைக்கு எத்தனை ரூபா என்பதை நாள்தோறும் செய்தியிற் கேட்கின்றோம். அந்த எண் ஏறினால் நாடு நலிந்துவிட்டது என்றும், இறங்கினால் நாடு நிமிர்ந்துவிட்டது என்றும் நமக்குள் பேசிக்கொள்ளுகின்றோம். ஏறிய ஏற்றம் நியாயமானதா, அன்றி அளவுக்கு மிஞ்சியதா என்று அளந்து பார்ப்பதற்கு ஏதேனும் ஒரு கோல் உண்டா? உண்டு. கொள்வனவுச் சக்திச் சமநிலை என்பது அக்கோலின் பெயர். அதனைப் பிடித்து அளக்கும் முறை யாது, அது எங்கே பொய்க்கும் என்பவற்றை நமது நாட்டிலே அண்மையில் நடந்த ஒன்றைக் கொண்டே விளக்குவது இப்பேச்சின் நோக்கமாகும்.

முதல் உலகப் போர் மூண்டபோது, ஐரோப்பிய நாடுகள் பல தத்தம் நாணயத்தைப் பொன்னோடு பிணைத்திருந்த கட்டை அவிழ்த்துவிட்டன. ஒவ்வொரு நாட்டிலும் விலைவாசி வெவ்வேறு வேகத்தில் ஏறியது. இனி ஒரு நாட்டு நாணயத்தை மற்றொரு நாட்டு நாணயத்தோடு எவ்விகிதத்தில் மாற்றுவது என்ற வினா எழுந்தது. சுவீடன் நாட்டுப் பொருளியலறிஞர் குஸ்தாவ் காசெல் என்பவர் அதற்கு விடை கூறினார். ஒரு நாணயத்தை நாம் விரும்புவது அது அந்நாட்டிலே பொருளை வாங்கித் தரும் என்பதனாலேயே. ஆகவே, பொருள் வாங்கும் ஆற்றல் எந்த நாணயத்துக்கு விரைவாகக் குறைகின்றதோ, அந்த நாணயத்தின் மாற்று மதிப்பும் அந்த வித்தியாசத்தின் அளவுக்குக் குறைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1918ஆம் ஆண்டிலே அவர் சூட்டிய பெயரே இன்றும் வழங்குகின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். எல்லா நாட்டிலும் எல்லாப் பொருளும் ஒரே விலைக்கு விற்கும் என்று இக்கொள்கை கூறுவதாக எண்ணினால் நாம் உடனே ஏமாற்றம் அடைவோம். கொழும்பிலே முடி திருத்துவதற்குக் கொடுக்கும் கூலியை டொலராக மாற்றிப் பார்த்தால், நியூயோர்க்கில் அதே வேலைக்குக் கொடுப்பதில் அது ஒரு சிறு பங்காகவே இருக்கும். கோதுமையைக் கப்பலில் ஏற்றலாம். முடி திருத்துவோரின் உழைப்பைக் கப்பலில் ஏற்றி அனுப்ப இயலாது. வீட்டு வாடகையும் அத்தகையதே. ஆகையால் இரு நாட்டு விலைகளும் சமமாக உள்ளனவா என்று நாம் கேட்பதில்லை. இரு நாட்டு விலைகளும் எவ்வளவு வேறுபட்ட வேகத்தில் ஏறின என்றே கேட்கின்றோம். விலைமட்டங்களுக்கு இடையிலுள்ள தூரம் பெரிதும் மாறாதிருக்குமாயின், விலைவாசி ஏற்றத்தின் வித்தியாசமே நாணயமாற்று வீதத்தின் மாற்றத்தைக் காட்டிவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். இரண்டு கூடைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று கொழும்புக் குடும்பமொன்றின் அரிசி, பருப்பு, எண்ணெய், பேருந்துக் கட்டணம் முதலியன அடங்கிய கூடை. மற்றையது அமெரிக்கக் குடும்பமொன்றின் கூடை. 2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபா. அம்மாதத்தில் நம் கூடையில் 200 ரூபாவுக்கும், அவர்கள் கூடையில் ஒரு டொலருக்கும் பொருள்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம்.

ஓராண்டு கழிந்து, 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் நூற்றுக்கு 69.8 ஏறியிருந்தது. அதே காலத்தில் அமெரிக்க விலைகள் நூற்றுக்கு 8.2 ஏறின. நமது 200 ரூபாக் கூடையின் விலை ஏறத்தாழ 340 ரூபாவாயிற்று. அவர்களின் ஒரு டொலர்க் கூடை ஒரு டொலரும் எட்டுச் சதமும் ஆயிற்று. 340ஐ அந்த டொலர்த் தொகையாற் பிரித்தால் வருவது ஏறத்தாழ 314. அதாவது, விலைவாசி வித்தியாசம் மாத்திரமே காரணமாயின், டொலர் 314 ரூபாவாக இருந்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்திற் பலர் ஒரு குறுக்கு வழியிற் செல்வதுண்டு. 69.8இலிருந்து 8.2ஐக் கழித்தால் 61.6, ஆகவே டொலர் நூற்றுக்கு 61.6 ஏறவேண்டும் என்பர். அவ்வாறு கணித்தால் 323 ரூபா வரும். சரியான விடையோ நூற்றுக்கு 57 அளவே. அமெரிக்கக் கூடையும் விலை ஏறியதாதலால் அந்த ஏறிய விலையாற் பிரிக்கவேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். விலையேற்றம் நூற்றுக்கு ஐந்து, இரண்டு என்று சிறிதாக இருக்கும்போது கழித்தலே போதும். பிழை மிகச் சிறிது. விலையேற்றம் கடுமையாகும்போது கழித்தல் வழி தவறிவிடும், பிரித்தலே வழி.

சரி, உண்மையில் நடந்தது என்ன? 2022 செப்டெம்பரில் டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 362 ரூபா கொடுத்தோம். கணக்கு சொன்ன 314ஐ விட இது நாற்பத்தெட்டு ரூபா அதிகம். அப்படியாயின் அளவுகோல் பொய்யானதா?

அவசரப்படாமல் மேலும் இரண்டு ஆண்டுகள் அளந்து பார்ப்போம். 2023 செப்டெம்பர் வரையான ஓராண்டில் கொழும்பில் விலைவாசி நூற்றுக்கு 1.3 மாத்திரமே ஏறியது, அமெரிக்காவில் 3.7. இம்முறை அவர்கள் விலையே விரைவாக ஏறியமையால், கணக்கின்படி ரூபாவின் மதிப்பு உயர வேண்டும். 314 என்பது 307 ஆகக் குறைகின்றது. சந்தையிலோ டொலர் 324 ரூபா அளவில் நின்றது. அடுத்த ஆண்டில், 2024 செப்டெம்பரில், கொழும்பு விலைகள் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு அரைப் பங்கு இறங்கின. அமெரிக்க விலைகள் 2.4 ஏறின. கணக்கு 298க்கு வந்தது. சந்தையில் டொலரின் விலை ஏறக்குறைய 300 ரூபா.

முதலாண்டில் நாற்பத்தெட்டு ரூபா, இரண்டாம் ஆண்டில் பதினேழு ரூபா, மூன்றாம் ஆண்டில் இரண்டொரு ரூபா என்று வித்தியாசம் ஒடுங்கியதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். இந்த அளவுகோலின் இயல்பே அதுதான். அது மாதக்கணக்கிற்கு உதவாது. ஆண்டுகள் செல்லச் செல்லவே அதன் சொல் பலிக்கும். பொருள் விலைகள் மெல்ல நடப்பவை. நாணயத்தின் விலையோ அச்சத்தினாலும் நம்பிக்கையினாலும் ஒரே நாளிற் பாய்வது. 2022 மார்ச் மாதத் தொடக்கம் வரை நமது ரூபா, டொலருக்கு 200ஐச் சற்றே தாண்டிய நிலையில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கு வற்றிக்கொண்டிருந்தது. மார்ச்சிற் கட்டுத் தளர்ந்தது. ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மே மாதத்துக்குள் டொலர் 360ஐ எட்டியது. எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்நாட்கள் நினைவிருக்கும். அப்பொழுது டொலரின் விலையை நிர்ணயித்தது கூடையின் விலையன்று, டொலரின் பஞ்சமே.

இன்னொன்றையும் உணர்தல் வேண்டும். விலைவாசி முன்னே ஏறியது, ரூபா பின்னே இறங்கியது என்று இக்கணக்கைப் படித்துவிடலாகாது. 2022இல் பெரும்பாலும் ரூபாவே முன்னே வீழ்ந்தது. அதனால் எரிபொருளும், கோதுமை மாவும், பருப்பும் விலை ஏறின. பஸ் கட்டணமும் பாணின் விலையும் அவற்றைத் தொடர்ந்தன. கொள்வனவுச் சக்திச் சமநிலை இரண்டும் ஈற்றில் எங்கே ஒத்துப்போகும் என்பதைக் கூறும்; எது எதனை இழுத்தது என்பதைக் கூறாது.

மூன்றாமாண்டிற் கிட்டிய பொருத்தத்தைக் கண்டு மிகையாக மகிழ்வதும் தகாது. நாம் 200 ரூபாவைத் தொடக்கமாகக் கொண்டோம். அந்த 200 தானாக நின்ற விலையன்று, கட்டிவைத்த விலை. உண்மையான தொடக்கம் 220 ரூபா என்று ஒருவர் வாதிட்டால், அதே விலைவாசி எண்களைக் கொண்டு கணித்தபோதும் முடிவு 328 ஆகிவிடும். அப்பொழுது 300 ரூபாவுக்கு விற்ற டொலர் மலிவானது என்றும், ரூபாவின் மதிப்பு சற்று மிகுதியானது என்றும் அவர் முடிவு கட்டுவார். கடன் தவணைகள் பெரும்பாலும் செலுத்தப்படாதிருந்த காலத்தில் டொலருக்கான தேவை குறைந்திருந்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டலாம். ஆகவே இத்தகைய கணக்கை எவரேனும் உங்கள் முன் வைக்கும்போது, எந்த மாதத்திலிருந்து தொடங்கினீர், அந்த மாதத்து விலை சந்தையில் இயல்பாக நின்ற விலைதானா என்று முதலிற் கேளுங்கள். கணக்கின் உண்மையும் பொய்யும் பெரும்பாலும் அந்தத் தொடக்கத்திலேயே தங்கியுள்ளன.

இனி எதிர்காலத்தை நோக்குவோம். பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்காக ஐந்தாண்டின் பின் பணம் கட்டவேண்டிய தந்தை ஒருவரை எண்ணுங்கள். இன்றைய கட்டணம் ஆயிரம் டொலர். டொலரின் விலை 300 ரூபா என்று கொள்வோம். மூன்று இலட்சம் ரூபாவைச் சேர்த்தாற் போதும் என அவர் நினைக்கின்றார். 2023இல் அரசாங்கமும் மத்திய வங்கியும் உடன்பட்ட பணவீக்க இலக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5. அமெரிக்க மத்திய வங்கியின் இலக்கு 2. இரு இலக்குகளும் நிறைவேறினாலுங் கூட, டொலர் ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று ஏறி, ஐந்தாண்டில் 347 ரூபாவாகும் என்று எதிர்பார்க்கவேண்டும். கட்டணமும் அமெரிக்க விலைவாசியோடு ஏறி 1,104 டொலராகும். இரண்டையும் பெருக்கினால் மூன்று இலட்சத்து எண்பத்து மூவாயிரம் ரூபா வருகின்றது. மூன்று இலட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஐந்தாண்டு கூட்டினாலும் வருவது அதே தொகையே! ஆகவே அவருடைய சேமிப்பு குறைந்தது உள்நாட்டு விலைவாசியின் வேகத்திலேனும் வளர்தல் வேண்டும்.

இவ்வாறு ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் ரூபா மெல்ல இறங்குவது அழிவின் அறிகுறியன்று. இரு நாட்டு விலைவாசிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் நிழலே அது. விலைவாசி ஏறிக்கொண்டே செல்லும்போது பல்லாண்டுகள் ரூபா சற்றும் அசையாது நிற்குமாயின், அதுவே ஐயுறத்தக்கது. அப்பொழுது நமது தேயிலையும் ஆடைகளும் பிறநாட்டாருக்கு விலை கூடும். இறக்குமதி நமக்கு மலிவாகத் தோன்றும். ஒதுக்கிலுள்ள டொலர் கரையும். செய்தியில் டொலரின் விலையைக் கேட்கும்போது, இவ்வாண்டு நம் விலைவாசி எவ்வளவு ஏறியது, அவர்களுடையது எவ்வளவு ஏறியது என்ற இரண்டு எண்களையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவருக்கு, ரூபா நடக்கின்றதா, வீழ்கின்றதா, அன்றிப் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கின்றதா என்பது ஓரளவேனும் புலனாகும்.