ஒரு பொத்தான், 34 விளிம்புகள்

ஆர்டுயினோ பயிற்சிப் பெட்டி வாங்கியவர்களுக்கு அந்தக் கறுப்பு ரிமோட்டைத் தெரிந்திருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, தகடு போன்ற மெலிவு, 21 பொத்தான்கள். கார்களில் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காகச் செய்யப்பட்டது, இப்போது பெட்டிக்குப் பெட்டி இலவச இணைப்பாக வருகிறது. இடப்பக்க மேல் மூலையில் ‘சிஎச் மைனஸ்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வரும் எண் `FFA25D` என்று பழைய பயிற்சிக் குறிப்புகள் சொல்கின்றன. புதிய நிரல் நூலகத்தைப் போட்டுப் பார்த்தால் திரையில் `BA45FF00` என்று வருகிறது. ரிமோட் மாறவில்லை, பொத்தானும் அதேதான். எது சரி என்று குழம்பி, ரிமோட் கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டுபவர்கள் உண்டு.

இரண்டும் சரிதான். ஏன் என்பது நூலகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ரிமோட் அனுப்புவதை நேரடியாக ஒரு பின்னில் வாங்கி நேரம் அளந்து பார்த்தால் விளங்கிவிடும். தேவைப்படுவது ஒரு ஆர்டுயினோ ஊனோ பலகை, மூன்று கால் உள்ள ஓர் அகச்சிவப்பு ரிசீவர், மூன்று கம்பிகள்.

ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தருகிறது. சும்மா எரிந்து அணைந்தால் போதாது. வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஏராளமாக இருப்பதால், எது ரிமோட் எது வெயில் என்று ரிசீவருக்குப் பிரித்தறியத் தெரியாது. அதனால் எல்.இ.டி. ‘எரியும்’ நேரத்திலும் விநாடிக்குச் சுமார் 38,000 தடவை மினுக்குகிறது. ரிசீவருக்குள் இருக்கும் வடிகட்டி அந்த வேகத்தில் மினுக்கும் ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது.

இந்த ரிமோட் பேசுவது ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வகுத்த முறை. அதில் அடிப்படை அளவு 562.5 மைக்ரோ விநாடி. பார்த்தால் விசித்திரமான எண்தான். இந்த முறையில் இயங்கிய பழைய ரிமோட் சில்லுகளுக்கு 455 கிலோஹெர்ட்ஸில் அதிரும் மலிவான பீங்கான் துண்டு ஒன்றுதான் கடிகாரம். அதை 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 38 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. அதன் 256 அதிர்வுகளுக்கு ஆகும் நேரம் 562 மைக்ரோ விநாடி சொச்சம். விசித்திரத்துக்குப் பின்னால் இருப்பது அந்தத் துண்டின் கணக்கு.

அனுப்பும் வரிசை இது. முதலில் 9 மில்லி விநாடி நீளமான ஒளி, பிறகு 4.5 மில்லி விநாடி இருட்டு. தகவல் வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு அது. தொடர்ந்து 32 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் 562 மைக்ரோ விநாடி ஒளியில் தொடங்குகிறது. பூஜ்யமானாலும் ஒன்றானாலும் ஒளியின் நீளம் மாறாது. மாறுவது அதற்குப் பின் வரும் இருட்டு மட்டும். பூஜ்யத்துக்கு இருட்டும் அதே 562, ஒன்றுக்கு அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது சுமார் 1,687. தகவல் முழுவதும் துடிப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. கடைசியில் இன்னொரு குட்டி ஒளித் துடிப்பும் வரும். அது பிட் அல்ல. அது வராவிட்டால் 32-ஆவது பிட்டின் இருட்டு எங்கே முடிந்தது என்று சொல்ல வழியில்லை.

இனி ரிசீவர். அதன் வெளியீட்டுக் கால் தலைகீழாக வேலை செய்யும். ஒன்றும் வராதபோது 5 வோல்ட்டில் மேலே நிற்கும். ஒளி வந்ததும் பூஜ்யத்துக்கு இறங்கும். ஆகவே ஒவ்வொரு துடிப்பின் தொடக்கமும் பின்னில் ஓர் இறங்கும் விளிம்பு. முன்னறிவிப்புக்கு ஒன்று, பிட்டுகளுக்கு 32, கடைசித் துடிப்புக்கு ஒன்று என மொத்தம் 34.

முதன்முதலாக எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒளி எவ்வளவு நேரம், இருட்டு எவ்வளவு நேரம் என்று இரண்டையும் தனித்தனியாக அளக்கத்தான் போவார்கள். அங்கேதான் இடறுகிறது. ரிசீவர் துடிப்பின் நீளத்தை உள்ளபடி தருவதில்லை. கிட்டத்தில் பிடித்தால் ஒளியை நீட்டும், தூரத்தில் பிடித்தால் குறுக்கும். பரவலாகப் பயன்படும் டி.எஸ்.ஓ.பி. 38238 ரிசீவரின் தரவுத்தாளே, வெளியே வரும் துடிப்பு 5 மினுக்கல் அளவு குறையலாம், 6 மினுக்கல் அளவு கூடலாம் என்று அனுமதிக்கிறது. 38 கிலோஹெர்ட்ஸில் ஒரு மினுக்கல் 26 மைக்ரோ விநாடி. எனவே 562 என்று கிளம்பியது 430 ஆகவும் வரலாம், 720 ஆகவும் வரலாம். ‘530-க்கும் 590-க்கும் நடுவில் இருந்தால் ஏற்றுக்கொள்’ என்று கறாராக எழுதிய நிரல் மேசையில் ஓடும், நான்கடி தள்ளிப் போனால் படுத்துவிடும்.

ஆனால் ஒளி நீண்டால் அதே அளவுக்கு இருட்டு சுருங்குகிறது. இறங்கும் விளிம்பிலிருந்து அடுத்த இறங்கும் விளிம்புவரை சேர்த்து அளந்தால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. ஒளி 640, இருட்டு 484 என்று கோணலாக வந்தாலும் கூட்டினால் 1,124. இருக்க வேண்டியது 1,125. ‘ஒன்று’ வரும்போது அந்தக் கூட்டுத்தொகை 2,250. ஒன்றைப்போல் இரண்டு மடங்கு மற்றது என்பதால், நடுவில் 1,700 என்று ஒரு கோடு போட்டால் இருபுறமும் 500 மைக்ரோ விநாடிக்கு மேல் இடம் கிடைக்கிறது. முன்னறிவிப்பு இந்தக் கணக்கில் 13.5 மில்லி விநாடி. அதை எந்தப் பிட்டோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

ஊனோவின் 2-ஆம் பின்னில் ரிசீவரை இணைத்தால், விளிம்பு இறங்கும் ஒவ்வொரு தடவையும் நடக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும்படி இன்டரப்ட் அமைக்கலாம். முழு வேலையும் இவ்வளவுதான்:

```
volatile uint32_t last, bits;
volatile uint8_t n = 255;
volatile bool ready = false;

void edge() {
  uint32_t now = micros();
  uint32_t gap = now - last;
  last = now;
  if (gap > 12500 && gap < 14500) {
    bits = 0; n = 0;
  } else if (n < 32 && gap > 800 && gap < 2800) {
    bits >>= 1;
    if (gap > 1700) bits |= 0x80000000UL;
    if (++n == 32) ready = true;
  } else n = 255;
}

void setup() {
  Serial.begin(115200);
  pinMode(2, INPUT);
  attachInterrupt(digitalPinToInterrupt(2), edge, FALLING);
}

void loop() {
  if (ready) { ready = false; Serial.println(bits, HEX); }
}
```

`micros()` ஊனோவில் 4 மைக்ரோ விநாடிக்கு ஒரு படி என்று நகர்கிறது; 500-க்கு இடம் விட்டிருக்கும் கணக்கில் அது பொருட்டே இல்லை. `n` 255 ஆக இருந்தால் ‘இன்னும் முன்னறிவிப்பு வரவில்லை’ என்று பொருள். நடுவில் ஏதாவது ஒரு விளிம்பு கணக்குக்கு ஒத்துவராவிட்டால் மொத்தத்தையும் எறிந்துவிட்டு அடுத்த முன்னறிவிப்புக்குக் காத்திருக்கும்.

இப்போது ‘சிஎச் மைனஸ்’ பொத்தானை அழுத்துவோம். 32 பிட்டுகளும் நான்கு பைட்டுகளாக வருகின்றன. முதல் பைட் கருவியின் முகவரி. இந்த ரிமோட்டுக்கு அது பூஜ்யம், எட்டு இடைவெளிகளும் 1,125 ஒட்டியே இருக்கும். இரண்டாவது, முகவரியின் நேரெதிர், எட்டும் 2,250. மூன்றாவதுதான் பொத்தான். அதன் எட்டு இடைவெளிகள் நீளம், குட்டை, நீளம், குட்டை, குட்டை, குட்டை, நீளம், குட்டை. அதாவது 1 0 1 0 0 0 1 0. நான்காவது அதன் எதிர்: 0 1 0 1 1 1 0 1.

எண் ஏன் இரண்டாகிறது என்பதற்கு விடை இந்த மூன்றாவது பைட்டில் இருக்கிறது. வந்த வரிசையில் இடமிருந்து வலமாக 10100010 என்று எழுதினால் அது `A2`. பழைய நூலகம் அப்படித்தான் எழுதியது. நான்கு பைட்டுகளும் சேர்ந்து `00FFA25D`, முன்னால் உள்ள பூஜ்யங்கள் விழுந்துபோய் `FFA25D`. ஆனால் என்.இ.சி. முறையில் முதலில் வருவது மதிப்பு குறைந்த பிட். எனவே வலமிருந்து இடமாக, 01000101 என்று படிப்பதே முறை. அது `45`. மேலே உள்ள நிரல் ஒவ்வொரு பிட்டையும் மேல்முனையில் போட்டு வலப்பக்கம் தள்ளுவதால் அந்த முறைப்படியே படிக்கிறது. கடைசியாக வந்த பைட் முன்னால் நின்று `BA45FF00` கிடைக்கிறது. பழைய குறிப்பில் உள்ள எண்ணைப் புதிய நூலகத்தில் ஒப்பிட்டால் என்றைக்கும் பொருந்தாது.

ஒவ்வொன்றுக்கும் எதிரையும் அனுப்புவது வீண்வேலை போலத் தோன்றலாம். மூன்றாவது பைட்டும் நான்காவது பைட்டும் நேரெதிராக இல்லையென்றால் வழியில் ஒரு பிட் கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 16 பூஜ்யம், 16 ஒன்று என்பதால் செய்தியின் நீளம் மாறுவதே இல்லை. முன்னறிவிப்போடு சேர்த்து 67.5 மில்லி விநாடி. ஆனால் முகவரிகள் போதாமல் போனபோது, பல தயாரிப்பாளர்கள் முகவரியின் எதிரைக் கைவிட்டு இரண்டு பைட்டையுமே முகவரியாக்கிக்கொண்டார்கள். ஆகவே வீட்டு டி.வி. ரிமோட்டைச் சோதிக்கும்போது பொத்தான் பைட்டின் எதிரை மட்டும் சரிபார்ப்பது நல்லது.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் முழுச் செய்தி திரும்ப வராது. 108 மில்லி விநாடிக்கு ஒரு தடவை, 9 மில்லி விநாடி ஒளி, 2.25 இருட்டு, ஒரு குட்டித் துடிப்பு என்று ‘இன்னும் பிடித்திருக்கிறார்’ என்ற சைகை மட்டும் வரும். விளிம்புக்கு விளிம்பு 11.25 மில்லி விநாடி. மேலே உள்ள நிரல் அதைக் கண்டுகொள்ளாது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டுமென்றால் 10,500-க்கும் 12,000-க்கும் இடையே இன்னொரு கிளை சேர்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல், வண்ண எல்.இ.டி. பட்டையை இணைத்ததும் திடீரென்று ஊமையாகும். டபிள்யூ.எஸ். 2812 வகைப் பட்டைக்குத் தரவு அனுப்பும்போது ஊனோ இன்டரப்ட்டுகளை மூடிவைக்கிறது, ஒரு எல்.இ.டி.க்கு 30 மைக்ரோ விநாடி. 60 எல்.இ.டி. என்றால் 1.8 மில்லி விநாடி. அதற்குள் ஒரு விளிம்பு வந்து போய்விடும். இரண்டாவதும் வந்தால் ஒன்று நிச்சயமாகத் தொலையும். அறிகுறி எளிது: பட்டை அசையாமல் இருக்கும்போது ரிமோட் வேலை செய்யும், நிறம் ஓடும்போது செய்யாது. `micros()` - `last` கணக்கில் கடைசி விளிம்புக்குப் பின் 150 மில்லி விநாடி கடந்ததா என்று பார்த்து, கடந்திருந்தால் மட்டும் பட்டையைப் புதுப்பித்தால், செய்தியின் நடுவே புகுவது பெருமளவு குறையும்.

எதுவுமே வராவிட்டால் முதலில் ரிமோட்டின் முனையை போனின் முன்கேமராவில் பாருங்கள். பொத்தானை அழுத்தும்போது ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் நலம். அடுத்து ரிசீவரின் கால்கள். முகப்பு நம்மைப் பார்க்க இடமிருந்து வலமாக, டி.எஸ்.ஓ.பி. 38238-க்கு வெளியீடு, தரை, மின்சாரம் என்ற வரிசை. பழைய டி.எஸ்.ஓ.பி. 1738-க்கு தரை, மின்சாரம், வெளியீடு. இரண்டும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் வரிசையில் மற்றதைச் செருகினால் மின்சாரம் தவறான காலுக்குப் போய் ரிசீவர் சூடாகிக் கெட்டுப்போகலாம். வாங்கிய துண்டின் முதுகில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கம்பியைச் செருகுங்கள்.