தண்டு நீண்டாலே ஜிப்ரலின்தானா? நீட் தேர்வின் ஹார்மோன் கேள்வியில் விடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

'வெள்ளநீரில் மூழ்கிய ஆழ்நீர் நெற்பயிரின் கணுவிடைப் பகுதி வேகமாக நீள்கிறது. இதைத் தூண்டும் ஹார்மோன் எது?' ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின், எத்திலின் என நான்கு விடைகள் கொடுக்கப்பட்டுள்ளன.

தாவரவியல் பாடத்தை ஓரளவு படித்த மாணவர்களில் பலர் யோசிக்காமல் ஜிப்ரலினைக் குறித்துவிடுவார்கள். "தண்டு நீளுதுன்னா ஜிப்ரலின்தானே?" என்பது அவர்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனால், என்சிஇஆர்டி பாடநூல்படி விடை எத்திலின். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. ஆக, தெரிந்த பாடத்தில் அவசரப்பட்டதற்கு விலை 5 மதிப்பெண்.

நான்கு ஹார்மோன்களின் பணிகளையும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் இந்தத் தவறு வரத்தான் செய்யும். ஒரே விளைவைச் சூழ்நிலைக்கு ஏற்ப வெவ்வேறு ஹார்மோன்கள் உண்டாக்க முடியும் என்பதே காரணம். என்ன நடந்தது என்பதோடு, எந்தச் செடியில், எந்த இடத்தில், எந்த நிலைமையில் நடந்தது என்பதையும் கேள்வியில் தேட வேண்டும்.

ஜிப்ரலினின் அடையாளம்

'நீளுதல்' என்றதும் ஜிப்ரலின் நினைவுக்கு வருவதில் தவறில்லை. அது கண்டறியப்பட்ட கதையே அப்படித்தான். ஜப்பானில் நெற்பயிர்கள் சில, அளவுக்கு மீறி ஒல்லியாக உயர்ந்து சாய்ந்துவிடும். பக்கானே என்று அழைக்கப்பட்ட இந்த நோயைப் பாடநூல்கள் 'கோமாளித்தன நோய்' என்கின்றன. நோயை உண்டாக்கும் பூஞ்சையை வளர்த்த கரைசலிலிருந்து பூஞ்சையை முழுமையாக வடிகட்டி நீக்கிய பிறகும், அந்தக் கரைசல் பட்ட நெல் நாற்றுகள் அதேபோல் நீண்டு வளர்ந்ததை 1926-ல் குரோசாவா காட்டினார். பூஞ்சை சுரந்த அந்தப் பொருள்தான் ஜிப்ரலின்.

கேள்வியில் இது வரும்போது சில தடயங்கள் கூடவே வரும். பரம்பரையாகக் குட்டையான பட்டாணிச் செடி இயல்பான உயரத்துக்கு வளர்ந்தது என்றிருக்கும். தரையோடு இலைகளைப் பரப்பியிருந்த முட்டைக்கோஸ் அல்லது பீட்ரூட், பூக்கும் முன் திடீரென்று தண்டு நீட்டியது என்றிருக்கும். கரும்பில் தெளித்துத் தண்டின் நீளத்தைக் கூட்டும் ஹார்மோன் எது என்று 2020 நீட் தேர்வில் நேரடியாகவே கேட்டிருந்தார்கள். இவை எல்லாவற்றிலும் தண்டு நேராக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக நீள்கிறது. வளைவதில்லை. இதைக் கவனத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தண்ணீர் என்றால் ஏன் எத்திலின்?

எத்திலின் ஒரு வாயு. செடி அதை எப்போதும் சிறிதளவு உருவாக்கிக்கொண்டேதான் இருக்கும். நிலத்தில் நிற்கும் செடியிலிருந்து அது காற்றில் கலந்து போய்விடும். தண்ணீருக்குள் வாயுக்கள் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. அதனால் மூழ்கிய தண்டில் உருவாகும் எத்திலின் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்கிறது. 'மூழ்கிவிட்டோம்' என்று பயிருக்குத் தெரிவது இந்தச் சேர்க்கையால்தான். உடனே கணுவிடைகள் நீண்டு, இலைநுனியை நீருக்கு மேலே கொண்டுவந்து சுவாசிக்க வழிசெய்கின்றன. வங்கதேசம், தாய்லாந்து போன்ற நாடுகளில் விளையும் ஆழ்நீர் நெல் ரகங்கள், தண்ணீர் ஏற ஏற ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேலும் நீளக்கூடியவை.

ஜிப்ரலின் என்று விடை எழுதியவர்களும் முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. சேர்ந்துவிட்ட எத்திலின், ஜிப்ரலின் உற்பத்தியைத் தூண்டுகிறது. செல்களைக் கடைசியில் நீளவைப்பது அந்த ஜிப்ரலின்தான். ஜிப்ரலின் உருவாவதைத் தடுத்துவிட்டால், எத்திலின் கொடுத்தாலும் ஆழ்நீர் நெல் நீளாது. ஆனால், கேள்வி கேட்பது முதல் தூண்டுதலை. 'மூழ்கிய', 'ஆழ்நீர்' என்ற சொற்கள் இருந்தால் எத்திலினையே குறிக்க வேண்டும்.

இதே எத்திலின், இருட்டில் முளைத்த பட்டாணி நாற்றில் நேர் எதிராக வேலை செய்யும். தண்டு குட்டையாகும், தடிக்கும், கிடைமட்டமாக வளரும். 1901-ல் ரஷ்யாவின் நெல்யுபோவ், ஆய்வகக் காற்றில் கலந்திருந்த விளக்கு எரிவாயுவால் பட்டாணி நாற்றுகள் இப்படி ஆவதைக் கவனித்து, அதற்குக் காரணம் எத்திலின் என்று கண்டறிந்தார். நெல்லை நீட்டுவதும் பட்டாணியைக் குறுக்குவதும் ஒன்றேதான். 'எத்திலின் வளர்ச்சியைத் தடுக்கும்' என்று ஒற்றை வரியில் படித்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வளைந்தால் ஆக்சின்

செடி ஒரு பக்கமாகத் திரும்பியது என்றால் விடை ஆக்சின். அதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. எந்தப் பக்கம் திரும்பும் என்பதில்தான் தவறு வருகிறது. ஓட்ஸ் நாற்றின் முளைக்குருத்து உறையை வைத்து 1920-களில் வென்ட் செய்த சோதனையை எடுத்துக்கொள்வோம். நுனியை வெட்டி அகார் துண்டின் மேல் வைத்தால், ஆக்சின் அகாருக்குள் இறங்கும். பிறகு நுனி வெட்டப்பட்ட இன்னொரு நாற்றின் இடது ஓரத்தில் அந்த அகாரை வைத்து, இருட்டில் விட வேண்டும். நாற்று எந்தப் பக்கம் வளையும்?

"ஆக்சின் இருக்கும் பக்கம், அதாவது இடதுபக்கம்" என்பது வழக்கமான தவறு. ஆக்சின் இறங்கும் இடதுபக்கச் செல்கள்தான் அதிகம் நீள்கின்றன. ஒரு பக்கம் மட்டும் நீண்டால் உறை மறுபக்கம் சாயும். ஆகவே நாற்று வலப்பக்கம் வளையும். ஒளிச்சார்பசைவிலும் இதே கணக்குத்தான்: வலப்பக்கம் வெளிச்சம் இருந்தால் ஆக்சின் நிழலான இடப்பக்கம் சேரும், தண்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்பும்.

தொட்டியைப் படுக்கவைத்தால் தண்டிலும் வேரிலும் ஆக்சின் கீழ்ப்பக்கமே சேர்கிறது. ஆனால், தண்டு மேல்நோக்கியும் வேர் கீழ்நோக்கியும் வளைகின்றன. தண்டை நீளவைக்கும் அளவு ஆக்சின், வேருக்கு அளவுக்கு மீறியது. அது வேரின் கீழ்ப்பக்க வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. மேல்பக்கம் மட்டும் நீள்வதால் வேர் கீழே திரும்புகிறது.

பக்கமொட்டில் ஒரு சிக்கல்

பக்கமொட்டு தளிர்த்தது என்று கேள்வி வந்தால், நுனி என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதுபோல் நுனியை நீக்கியதும் பக்கக்கிளைகள் வந்தால், ஆக்சின் விலகியதால் நுனி ஆதிக்கம் போய்விட்டது என்று பொருள். வெட்டிய இடத்தில் ஆக்சின் பசையைத் தடவினால் மொட்டுகள் மறுபடி அடங்கிவிடும். நுனி அப்படியே இருக்க, மொட்டின் மேல் ஏதோ தடவியதும் அது தளிர்த்தது என்றிருந்தால், தடவியது சைட்டோகைனின்.

விடை ஒரே ஹார்மோனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அன்னாசியை ஆண்டு முழுவதும் செயற்கையாகப் பூக்கவைக்க எந்த ஹார்மோன் சேர்க்கையைப் பயன்படுத்தலாம் என்று 2019 நீட் தேர்வில் கேட்டார்கள். விடை, ஆக்சினும் எத்திலினும். அன்னாசியில் தெளிக்கப்படும் ஆக்சின், செடிக்குள் எத்திலின் உருவாவதைத் தூண்டுகிறது. நெல்லில் எத்திலின் ஜிப்ரலினை அழைத்ததுபோல, இங்கே ஆக்சின் எத்திலினை அழைக்கிறது.